புகாருக்குப் பின் வரும் இடமாற்ற உத்தரவு

பணியிடத்தில் பாலியல் தொல்லை என்று எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்த பெண்ணை உடனே வேலையிலிருந்து நீக்குவதை நிர்வாகங்கள் பெரும்பாலும் தவிர்க்கின்றன. அப்படி நீக்கினால் எதற்காக என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் பழிவாங்கல் வழக்கமான அலுவலகக் காகிதமாகவே வந்து சேர்கிறது. தொலைதூரக் கிளைக்கு இடமாற்றம், திடீரென்று குறைந்த மதிப்பெண்ணோடு வரும் ஆண்டு மதிப்பீடு, பத்து நிமிடத் தாமதத்துக்கு ஒரு மெமோ, முக்கியமான கூட்டங்களுக்கு அழைப்பு நின்றுபோவது. இவை ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நிர்வாகத்தின் உரிமைக்கு உட்பட்டவை. நீதிமன்றத்தில் புகார்தாரர் எதிர்கொள்ளும் முதல் சிரமம் இதுதான்.

வாய்மொழியாகச் சொல்லப்பட்டதை மேலாளர் கேட்கவே இல்லை என்று மறுத்துவிடலாம். எழுதிக் கொடுத்துவிட்டால் அது முடியாது. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். குழு புகாரைப் பெற்ற ஏழு வேலை நாட்களுக்குள் அதன் ஒரு நகலை எதிர்தரப்பினரிடம் கொடுத்தாக வேண்டும். புகாரோடு சாட்சிகளின் பெயரும் முகவரியும் இணைக்கப்பட வேண்டும் என்றும் விதி கேட்கிறது. எதிர்தரப்புக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தருவதற்காக இந்த ஏற்பாடு, அது நியாயமானதே. ஆனால் யார் என்ன சொன்னார்கள், யார் சாட்சி சொல்லப் போகிறார்கள் என்பதெல்லாம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அந்த ஒரு வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது. அவர் மேலதிகாரியாக இருந்தால் விடுப்பு, பணி ஒதுக்கீடு, மதிப்பீடு எல்லாம் அப்போதும் அவர் கையில்தான் இருக்கும். நிறுவனமும் பல சமயம் அவர் பக்கமே சாய்கிறது. புகார் உண்மை என்று முடிவானால் இத்தனை நாள் கவனிக்காமல் இருந்ததற்கு அதுவும் பதில் சொல்ல வேண்டும். புகார்தாரர் திறமையில்லாதவர் என்று ஆகிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

இது எப்படி நடக்கிறது, எப்படி உடைகிறது என்பதைப் பஞ்சாப் அண்டு சிந்து வங்கி வழக்கில் காணலாம். இந்தூர் கிளையில் நான்காம் நிலை அதிகாரியான ஒரு பெண், மது ஒப்பந்தக்காரர்களின் கணக்குகளில் நடந்த முறைகேடுகளைப் பற்றி மேலிடத்துக்கு எழுதினார். 2017 டிசம்பரில் ஜபல்பூர் மாவட்டத்தில் உள்ள ஒரு கிளைக்கு மாற்றப்பட்டார். மேலதிகாரி மீது அவர் வைத்த பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டும் வழக்கில் இருந்தது. இடமாற்றம் வங்கியின் உரிமை என்று வங்கி வாதிட்டது. பொதுவாக நீதிமன்றங்களும் இடமாற்றத்தில் தலையிடுவதில்லை. ஆனால் இங்கே ஆவணங்கள் பேசின. அவர் அனுப்பிய கடிதங்களும் அவற்றின் தேதிகளும் இருந்தன. புதிய கிளையோ முதல் நிலை அதிகாரி அமரவேண்டிய இடம், இவர் நான்காம் நிலை. புகாரை விசாரிக்க அமைந்த குழுவின் வெளி உறுப்பினர் வங்கியின் வழக்கறிஞர் பட்டியலிலேயே இருந்தவர் என்பதும் வெளிவந்தது. 2020 பிப்ரவரி 25 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பழிவாங்கப்பட்டார் என்று முடிவு செய்து, இடமாற்றத்தை ரத்து செய்த உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது. ஓராண்டுக்கு அவரை இந்தூரிலேயே பணியமர்த்தவும், வழக்குச் செலவாக 50,000 ரூபாய் கொடுக்கவும் உத்தரவிட்டது.

இந்த வெற்றிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அவரைக் காப்பாற்றியது, பழிவாங்கல் தொடங்குவதற்கு முன்பே எழுதப்பட்டு, தேதியோடு இருந்த காகிதங்கள். ஆகவே தயாரிப்பு புகார் எழுதுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். முந்தைய மூன்று நான்கு ஆண்டுகளின் மதிப்பீட்டுக் கடிதங்கள், ஊதிய உயர்வு உத்தரவுகள், பாராட்டி வந்த மின்னஞ்சல்கள், நியமன உத்தரவு, பணி விதிகள் ஆகியவற்றின் நகல்கள் வீட்டில் இருக்கட்டும். புகாருக்கு முன் நல்ல மதிப்பீடு, புகாருக்குப் பின் மோசமான மதிப்பீடு, இடையில் வேறெதுவும் மாறவில்லை என்று காட்ட இவைதான் உதவும். இதில் ஓர் எச்சரிக்கை தேவை. வாடிக்கையாளர் விவரங்களையோ நிறுவன ரகசியக் கோப்புகளையோ சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பக் கூடாது. அதையே காரணம் காட்டி நிர்வாகம் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம், அப்போது பழிவாங்கல் என்ற வாதம் எடுபடாது. தீராத பயணப் பில், வருகைப் பதிவில் விடுபட்ட நாள் போன்ற சின்னக் குறைகளையும் முன்கூட்டியே சரிசெய்துவிட வேண்டும். எதிர்தரப்பு முதலில் தோண்டுவது இவற்றைத்தான்.

கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை அனுமதிக்கலாம். வாட்ஸ்அப் செய்திகளின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அந்தக் கைபேசியையே பத்திரப்படுத்த வேண்டும். புகாரின் ஆறு பிரதிகளைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பலரும் தவறவிடுவது சட்டத்தின் 12-ஆம் பிரிவு. விசாரணை நடக்கும் காலத்தில் தன்னையோ எதிர்தரப்பினரையோ இடம் மாற்றவும், வழக்கமான விடுப்புக்கு மேல் மூன்று மாதம் வரை விடுப்பு தரவும், புகார்தாரரின் மதிப்பீட்டை எதிர்தரப்பினர் எழுதாமல் வேறொருவரிடம் ஒப்படைக்கவும் பெண் எழுத்துப்பூர்வமாகக் கேட்கலாம். குழு அதைப் பரிந்துரைத்தால் நிர்வாகம் செயல்படுத்த வேண்டும். கேட்காவிட்டால் தானாகக் கிடைக்காது. அதனால் புகாரோடு சேர்த்தே இந்த மனுவையும் கொடுத்துவிடுவது நல்லது.

அதன் பிறகு வரும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அன்றே ஒரு சிறு மின்னஞ்சல் போக வேண்டும். “12-ஆம் தேதி நான் கொடுத்த புகார் விசாரணையில் உள்ளது. இன்று முதல் வாராந்திரக் கூட்டத்துக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. காரணத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.” இவ்வளவு போதும். கோபமோ குற்றச்சாட்டோ இல்லாத இத்தகைய வரிகள் பின்னால் வலுவான சான்றாகும். ஒரு நகல் குழுவின் தலைவருக்கும் போக வேண்டும். இடமாற்ற உத்தரவு வந்தால் போகாமல் இருப்பது ஆபத்து, கீழ்ப்படியாமை என்று தனிக் குற்றமாகும். தடை உத்தரவு கிடைக்கும் வரை விடுப்பு கேட்கலாம், அல்லது ஆட்சேபத்தை எழுத்தில் பதிந்துவிட்டுப் போய்ச் சேரலாம். ராஜினாமாக் கடிதத்தில் வற்புறுத்திக் கையெழுத்து வாங்கப்பட்டால் அன்றே அதை மறுத்து எழுத வேண்டும்.

புகாரை நிரூபிக்க முடியாமல் போனால் பொய்ப் புகார் என்று தண்டிப்பார்களோ என்ற பயமும் பலரை நிறுத்துகிறது. நிரூபிக்க முடியாமல் போவது மட்டுமே நடவடிக்கைக்குக் காரணமாகாது என்று 14-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

சட்டத்தில் ஒரு பெரிய குறை இருக்கிறது. வேலை போய்விடும் என்ற மிரட்டலைத் துன்புறுத்தலின் அடையாளங்களில் ஒன்றாக அது சொல்கிறது. ஆனால் புகாருக்குப் பின் நடக்கும் பழிவாங்கலைத் தனிக் குற்றமாக்கித் தண்டிக்கும் பிரிவு எதுவும் இல்லை. அரசுத் துறையிலும் பொதுத்துறை வங்கியிலும் இருப்பவர்கள் ரிட் மனுவோடு உயர் நீதிமன்றம் போகலாம். தனியார் நிறுவன மேலாளர்களுக்கு அந்த வழி பெரும்பாலும் இல்லை. குழுவின் முடிவில் குறை இருந்தால் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம், அந்தக் கெடு தவறினால் அதுவும் கடினம். தனியார் துறையில் இருப்பவர் புகாரில் கையெழுத்திடும் முன், சில மாதச் செலவுக்கான பணத்தை ஒதுக்கிவைத்து, தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் நியமன உத்தரவைக் காட்டிவிடுவது அவசியம்.