ஓடும் முன்பே களைத்துவிடாமல்

நியூயார்க் மாரத்தானில் 50,000 பேருக்கு மேல் ஓடுகிறார்கள். எல்லோரையும் ஒரே நேரத்தில் பாலத்தில் ஏற்ற முடியாது. அதனால் காலை ஒன்பது மணி தொடங்கி, அலை அலையாக அனுப்புகிறார்கள். ஒவ்வொரு அலைக்குள்ளும், வேகத்துக்கேற்பப் பிரித்த தடுப்புக் கூண்டுகள் உண்டு.

பலர் ஸ்டேட்டன் தீவுக்கு விடியற்காலையிலேயே வந்துவிடுவதால், நவம்பர் குளிரில் மணிக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. பையை முன்பே ஒப்படைத்திருப்பார்கள். அனுபவசாலிகள் பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, அட்டையை விரித்து உட்கார்ந்துவிடுகிறார்கள். நடுங்குவதும் நின்றுகொண்டே இருப்பதும் கால்களின் சக்தியைத் தின்னும். ஸ்வெட்டரைப் புறப்படும்போது கழற்றிப் போட்டால், நன்கொடைக்குப் போய்விடும்.

அடுத்த சிக்கல் தற்காலிகக் கழிப்பறை வரிசை. கடைசி நேரத்தில்தான் அது நீளும். கூண்டோ, ஓட்டம் தொடங்கும் முன்பே மூடப்பட்டுவிடும். தவறவிட்டவர் அடுத்த அலைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே தேவை தோன்றும்வரை பொறுக்காமல், கூண்டு திறப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வரிசையில் நின்றுவிடுவது நல்லது. தண்ணீரையும் ஒரேயடியாகக் குடிக்காமல், சிறிது சிறிதாகப் பருகலாம்.

கூண்டுக்குள் முண்டியடித்து முன்னேறுவதும் வீண். கோட்டைக் கடக்கும்போதுதான் எண் அட்டையிலுள்ள சில்லு ஒவ்வொருவருக்கும் நேரத்தைக் கணக்கிடத் தொடங்கும்.