நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் வித்தியாசமும் ஒரு பாராட்டுக் கடிதமும்

பெரிய வேலை ஒன்று முடிந்த மறுவாரம் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்படும். ‘பணி செவ்வனே முடிக்கப்பட்டது. ஒத்துழைப்பு நல்கிய அனைவருக்கும் நிர்வாகத்தின் சார்பில் நெஞ்சார்ந்த நன்றி.’ ஊழியர்கள் நின்று படிப்பார்கள், தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எழுதியவருக்கு உண்மையான நன்றி இருந்திருக்கும். ஆனால் எந்தப் பணி, அதை யார் செய்தார், எது கடினமாக இருந்தது என்று அந்தத் தாளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. குடிநீர்க் குழாய் பதித்தவர்களுக்கும் இதையே ஒட்டலாம், தேர்தல் வேலை பார்த்தவர்களுக்கும் ஒட்டலாம். அதனால்தான் அது யாரையும் தொடுவதில்லை.

கடினமான வேலையை முடித்த குழுவுக்கு எழுதும் கடிதம் அலுவல் முறையையும் காக்க வேண்டும், படிப்பவரின் மனத்தையும் தொட வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கூடிவர என்ன செய்வது? கிராமத்துக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றை உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

நாடு முழுவதும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய இந்த வேலை, சங்கத்துக்குள் நுழைந்ததும் வேறு உருவம் எடுக்கும். பல ஆண்டுப் பேரேடுகளைத் தூசி தட்டி எடுக்க வேண்டும். ஒரே உறுப்பினர் இரண்டு எண்களில் இருப்பார். இறந்துபோனவர் பெயரில் பங்குத்தொகை நிற்கும். பயிர்க்கடனும் நகைக்கடனும் தினமும் நடந்துகொண்டிருக்கும்போதே பழைய கணக்கையும் ஏற்றியாக வேண்டும்.

நம் உதாரணச் சங்கத்தில் நகைக்கடன் விவரம் முழுவதும் ஏறிய அன்று மாலை, கணினி காட்டிய மொத்தம் பொதுப் பேரேட்டைவிட 45,000 ரூபாய் குறைவாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். நானூறுக்கும் மேற்பட்ட கடன்கள். ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தால் இரண்டு நாள் போய்விடும். மூத்த எழுத்தர் அம்மா அந்த வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்க்கிறார். மீதியில்லாமல் 5,000 வருகிறது. பழைய கணக்கர்களுக்குத் தெரிந்த சூட்சுமம் இது: பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறி ஏறியிருந்தால், வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். ஈவு 5,000 என்பதால், மாறியவை பத்தாயிரத்து இலக்கமும் ஆயிரத்து இலக்கமும்தான், இரண்டுக்கும் இடையே ஐந்து வித்தியாசம் இருக்கிறது என்றும் ஊகிக்கலாம். அப்படியானால் லட்சத்துக்கு உட்பட்ட கடன்களில் ஐயாயிரத்துச் சில்லறையும், 16, 27, 38, 49 ஆயிரத்தில் தொடங்குபவையும் மட்டும் பார்த்தால் போதும். அரை மணி நேரத்தில் சிக்கிவிடுகிறது. பேரேட்டில் 72,500 என்றிருந்த கடன், கணினியில் 27,500 என்று ஏறியிருக்கிறது.

‘ஒத்துழைப்பு நல்கிய அனைவருக்கும்’ என்ற தொடருக்குள் இந்த அரை மணி நேரம் காணாமல் போய்விடுகிறது. கடிதத்தை எழுதும் செயலாளர் முதலில் செய்ய வேண்டியது, நடையைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு, இதுபோன்ற மூன்று நான்கு நிகழ்ச்சிகளை ஒரு தாளில் குறித்துக்கொள்வதுதான். அவருக்கே எல்லாம் தெரிந்திருக்காது. உதவிச் செயலாளரிடமும் எழுத்தரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து, “இதுல யாரு செஞ்சது வெளிய தெரியாமப் போச்சு?” என்று கேட்டால் இரவுக் காவலர் பெயர்கூட வரும்.

அப்படிக் குறித்துக்கொண்டு எழுதினால் கடிதம் ஏறக்குறைய இப்படி அமையும். பதவிகள் நிற்கும் இடங்களில் உண்மைக் கடிதத்தில் பெயர்களும் இருக்கும்.

*பொருள்: சங்கக் கணக்குகளைக் கணினியில் ஏற்றும் பணி நிறைவு – பாராட்டு தெரிவித்தல் தொடர்பாக.*

*அன்புடையீர்,*

*வணக்கம். நம் சங்கத்தின் கணக்குகள் அனைத்தும் நேற்று மாலையுடன் கணினியில் ஏறிவிட்டன. நான்கு மாதங்களாக இதற்காக உழைத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.*

*நகைக்கடன் கணக்கில் 45,000 ரூபாய் குறைந்தபோது, அது இலக்கம் இடம் மாறியதால் வந்த பிழை என்று கண்டு அன்றிரவே சரிசெய்தவர் நம் மூத்த எழுத்தர். இரட்டை எண்களில் இருந்த உறுப்பினர்களை வீடு தேடிச் சென்று ஆவணம் வாங்கிவந்தவர்கள் நம் நியாயவிலைக் கடை விற்பனையாளர்கள். நகைப் பைகளின் எடையைப் பேரேட்டுடன் மறுபடி ஒத்துப்பார்த்த நகை மதிப்பீட்டாளர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை இதற்குக் கொடுத்தார். இரவு நேர வேலை முடியும்வரை கூடவே விழித்திருந்தவர் நம் காவலர்.*

*உறுப்பினர் பதிவேட்டை முதலில் சரிசெய்துவிடலாம் என்று நீங்கள் சொன்னபோது, சேமிப்புக் கணக்கிலிருந்து தொடங்கச் சொன்னவன் நான். அதனால் மூன்று வார வேலையை நீங்கள் மறுபடி செய்ய நேர்ந்தது. உங்கள் யோசனையே சரி. அதற்காக வருந்துகிறேன்.*

*இக்கடிதத்தின் நகல் உங்கள் பணிப்பதிவேட்டில் சேர்க்கப்படும்.*

*இப்படிக்கு,*
*செயலாளர்*

பொருள், விளிப்பு, இப்படிக்கு எல்லாம் முறைப்படி இருக்கின்றன. எங்கும் உருக்கமான அடைமொழி இல்லை. ‘அயராத’, ‘அர்ப்பணிப்புமிக்க’, ‘ஒப்பற்ற’ என்ற சொற்களை எடுத்துவிட்டும் கடிதம் குளிர்ந்துபோகவில்லை. வீடு தேடிச் சென்றார்கள் என்பதும் மூன்று ஞாயிற்றுக்கிழமை என்பதும் அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றன.

வினைச்சொற்களையும் கவனிக்க வேண்டும். நம் அலுவலகத் தமிழ் ‘செய்யப்பட்டது’, ‘முடிக்கப்பட்டது’ என்றே பழகிவிட்டது. உத்தரவுக்கு அது பொருந்தலாம். பாராட்டுக்குப் பொருந்தாது. ‘பிழை கண்டறியப்பட்டது’ என்று எழுதிய கணத்தில் கண்டறிந்தவர் வாக்கியத்தை விட்டே வெளியேறிவிடுகிறார்.

அதைவிட நுட்பமானது ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற இரண்டு சொற்கள். கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’, அவரை விலக்கி நிறுத்தும் ‘நாங்கள்’ என்று தமிழ் இரண்டு தன்மைப் பன்மைகளை வைத்திருக்கிறது. ‘நாங்கள் உங்களைப் பாராட்டுகிறோம்’ என்றால் நிர்வாகம் ஒரு கரையிலும் ஊழியர் மறுகரையிலும் நிற்கிறார்கள். அதைத் தவிர்க்க ‘நாம் இரவு பகலாக உழைத்தோம்’ என்று எழுதினால் இன்னும் மோசம். இரவில் வீட்டுக்குப் போன செயலாளர் அந்த உழைப்பில் பங்கு கேட்பதாக ஆகிவிடும். மேலேயுள்ள கடிதத்தில் சங்கமும் எழுத்தரும் விற்பனையாளர்களும் காவலரும் மட்டுமே ‘நம்’. உழைப்பு ‘நீங்கள்’ செய்தது. நன்றியும் தவறும் ‘நான்’ என்று ஒருமையில் வருகின்றன. இந்தப் பங்கீடு சரியாக அமைந்தால் கடிதத்தின் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பேன்.

தலைமைப் பொறுப்பில் இருப்பவர் தன் தவறை எழுத்தில் வைப்பது அலுவல் முறைக்கு ஒவ்வாதது என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே ஆபிரகாம் லிங்கன் அதைச் செய்திருக்கிறார். மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருந்த விக்ஸ்பர்க் நகரம் 1863 ஜூலை 4 அன்று தளபதி யுலிசிஸ் கிராண்டிடம் சரணடைந்தது. ஜூலை 13 அன்று லிங்கன் அவருக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். இருவரும் நேரில் சந்தித்ததாக நினைவில்லை என்று தொடங்கி, நாட்டுக்குச் செய்த சேவைக்கு நன்றி சொல்கிறார். பிறகு படையெடுப்பின் ஒவ்வொரு கட்டத்தையும் இடப்பெயர்களோடு சொல்லி, அந்தந்த இடத்தில் தான் என்ன நினைத்தேன் என்றும் எழுதுகிறார். கிராண்ட் ஆற்றோடு தெற்கே போய் இன்னொரு படையுடன் சேர வேண்டும் என்று அவர் கருதியிருந்தார். கிராண்ட் வடக்கே திரும்பியபோது அது பிழை என்று அஞ்சினார். நீங்கள் செய்ததே சரி, நான் நினைத்தது தவறு என்று ஒப்புக்கொள்வதோடு கடிதம் முடிகிறது. நிகழ்ச்சிகளை இவ்வளவு துல்லியமாகச் சொன்னதால்தான் அந்த ஒப்புதல் வெறும் பணிவாகத் தோன்றவில்லை.

அடுத்த நாளே லிங்கன் இன்னொரு தளபதிக்கும் எழுதினார். கெட்டிஸ்பர்க் போரில் வென்ற ஜார்ஜ் மீட், தோற்றுப் பின்வாங்கிய ராபர்ட் லீயின் படையைப் பொட்டோமாக் ஆற்றைக் கடக்க விட்டுவிட்டார் என்ற வேதனை லிங்கனுக்கு. வெற்றிக்கு மிகவும் நன்றியுடையவன் என்று தொடங்கும் அந்தக் கடிதம், போகப்போக நழுவிய வாய்ப்பைப் பற்றிய மனத்தாங்கலாக மாறுகிறது. அவர் அதில் கையெழுத்திடவில்லை, அனுப்பவும் இல்லை. உறைமேல் அப்படியே குறித்தும் வைத்தார்.

நம் அலுவலகங்களில் இந்த இரண்டாவது வகை உறைக்குள் தங்குவதில்லை. ‘சில தாமதங்கள் இருந்தபோதிலும்’ என்ற ஒற்றைத் தொடர் போதும், படிப்பவர் மனத்தில் அதுதான் நிற்கும். தாமதத்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் அதற்கு ஆய்வுக் கூட்டம் இருக்கிறது. கடைசி வரியில் ‘இனிவரும் பணிகளிலும் இதே ஒத்துழைப்பை எதிர்நோக்குகிறேன்’ என்று சேர்ப்பதும் வழக்கம். கெட்ட எண்ணம் ஏதுமில்லை. ஆனால் நான்கு மாதம் தூக்கம் கெட்டவருக்கு அது அடுத்த வேலைக்கான முன்னறிவிப்பாகவே கேட்கும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, தனக்கு எழுத்து வராது என்று தயங்குகிறவர்களுக்காகவே செய்ததுபோல ஓர் ஆய்வு இருக்கிறது. அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இரு உளவியலாளர்கள் 2018-இல் வெளியிட்டது. பங்கேற்றவர்கள் தமக்கு உதவிய ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதினார்கள், பெறுபவர் எப்படி உணர்வார் என்றும் முன்கூட்டியே ஊகித்தார்கள். பெற்றவர்களிடம் கேட்டபோது ஊகம் பொய்த்தது. எழுதியவர்கள் நினைத்ததைவிட அவர்கள் அதிகம் வியந்தார்கள், அதிகம் மகிழ்ந்தார்கள், எழுதியவர்கள் பயந்த அளவுக்குச் சங்கடப்படவும் இல்லை. எழுதுகிறவரின் கவலை சொற்கள் சரியாக வந்தனவா என்பதில் இருக்கிறது. பெறுகிறவர் பார்ப்பது அதிலுள்ள அன்பை.

கடிதம் தயாரானதும் ஒரு கேள்வி மிஞ்சும்: யாராவது விடுபட்டார்களா? ஒரு பெயர் விட்டுப்போனால் மற்ற பெயர்கள் அத்தனையும் அந்த ஒருவருக்கு எதிரான பட்டியலாகிவிடும். வருகைப் பதிவேட்டை வைத்துச் சரிபார்த்தால் போதாது, ஏனென்றால் நான்கு மாதத்துக்கென்று தினக்கூலியில் வந்து விவரம் ஏற்றிய இளைஞர் அதில் இருக்கமாட்டார். அவருக்குப் பணிப்பதிவேடும் கிடையாது. எனவே அவருடைய பிரதியை மட்டும் தனியாக, சங்கத்தின் முகவரித் தாளில், அவர் எத்தனை கணக்குகளை ஏற்றினார் என்ற ஒரு வரியோடு, கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தர வேண்டும். அடுத்த வேலைக்கு நேர்காணலுக்குப் போகும்போது அவர் கோப்பில் எடுத்துப்போகப்போவது அந்தத் தாள்.