பழைய நிகழ்பட ஆட்ட எமுலேட்டர்களும் இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும்

எமுலேட்டர் என்பது ஒரு பழைய ஆட்டப் பெட்டியின் செயற்பாட்டைக் கணினியிலோ கைப்பேசியிலோ அப்படியே நிகழ்த்திக் காட்டும் மென்பொருள் ஆகும். ஆட்டக் கேசட்டின் சில்லில் பதிந்துள்ள நிரலின் நகல் ரோம் கோப்பு எனப்படும். இவை இரண்டும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறானவை.

எமுலேட்டரின் சட்டநிலை

ஓர் இயந்திரம் எவ்வாறு இயங்குகிறது என்ற கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை. எழுதப்பட்ட நிரலுக்கே உண்டு. எனவே பிறர் நிரலை நகலெடுக்காமல் புதிதாக எழுதப்பட்ட எமுலேட்டர் தன்னளவில் குற்றமாகாது. பிளேஸ்டேசன் ஆட்டங்களை மாக் கணினியில் இயக்கிய கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது சோனி தொடர்ந்த வழக்கில், 2000 ஆம் ஆண்டில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்சுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆய்வுக்காகச் சோனியின் நிரலை இடைக்கால நகல் எடுத்தது நியாயமான பயன்பாடு என்றும், விற்பனைக்கு வந்த மென்பொருளில் அந்நிரல் இல்லை என்றும் நீதிமன்றம் கண்டது.

இந்தியாவின் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் எமுலேட்டர் என்ற சொல் இல்லை. எனினும், சட்டப்படி ஒரு நிரலை வைத்திருப்பவர் அதன் இயக்கத்தைக் கவனித்து ஆராய்வதைப் பிரிவு 52 அனுமதிக்கிறது. வேறொரு நிரலுடன் ஒத்தியங்கச் செய்யத் தேவையான, வேறு வழியில் எளிதில் கிடைக்காத தகவலைப் பெறவும் அப்பிரிவு இடமளிக்கிறது.

ரோம் கோப்பின் சட்டநிலை

சட்டப்படி ஒரு நிரலை வைத்திருப்பவர் அது சேதமடைந்தால் உதவும் பொருட்டுக் காப்பு நகல் எடுக்கலாம் எனப் பிரிவு 52 கூறுகிறது. தாம் சட்டப்படி பெற்ற பிரதியிலிருந்து வணிக நோக்கமற்ற சொந்தப் பயனுக்காக நகலெடுப்பதையும் அது அனுமதிக்கிறது. இரண்டிற்கும் அடிப்படை நிபந்தனை ஒன்றே: மூலப் பிரதி சட்டப்படி பெற்றதாக இருத்தல் வேண்டும்.

இந்தியச் சூழலில் சிக்கல் இங்கேதான் எழுகிறது. 1990களில் 'டிவி கேம்' என்ற பெயரில் இங்கு பரவலாக விற்ற பெட்டிகளுள் பெரும்பாலானவை நின்டென்டோவின் பாமிகாம் பெட்டியின் போலிகள். அவற்றுடன் வந்த '99 இன் 1', '9999 இன் 1' போன்ற கேசட்டுகள் உரிமம் இன்றித் தயாரிக்கப்பட்டவை.

அன்னூரில் ஒரு வீட்டுப் பரணில் இரண்டு கேசட்டுகள் உள்ளன எனக் கொள்வோம். ஒன்று சப்பானிலிருந்து உறவினர் வாங்கிவந்த, 1985 இல் வெளியான சூப்பர் மாரியோ பிரதர்சின் அசல் கேசட்டு. மற்றொன்று கடையில் வாங்கிய '99 இன் 1'. முதலாவதைக் கேசட்டு படிப்பான் கருவியில் செருகி நகலெடுத்துத் தம் கணினியில் ஆடுவது பிரிவு 52 இன் வரம்புக்குள் அடங்கும். இரண்டாவதிலும் அதே ஆட்டம் இருக்கலாம். பணம் கொடுத்தே வாங்கியிருக்கலாம். ஆயினும் அது உரிமை மீறிய பிரதி என்பதால் விதிவிலக்கு பொருந்தாது. பல ஆட்டங்கள் ஒரே கேசட்டில் குவிந்திருப்பதும், தலைப்புத் திரையில் நிறுவனப் பெயர் அழிக்கப்பட்டிருப்பதும் போலியின் அடையாளங்கள்.

இணையத்திலிருந்து இறக்கிய கோப்பு வேறொருவர் பிரதியின் நகலாகும். எனவே அசல் கேசட்டு கையில் இருந்தாலும் அதற்கு மேற்கண்ட விதிவிலக்கைக் கோருவது கடினம். 24 மணி நேரத்தில் அழித்துவிட்டால் குற்றமில்லை என்பதும், விற்பனை நின்றுவிட்ட ஆட்டம் பொதுச்சொத்து என்பதும் தவறான நம்பிக்கைகள். இந்தியச் சட்டப்படி நிரலின் உரிமை ஆசிரியர் இறந்தபின் 60 ஆண்டுகள் நீடிக்கும்.

உரிமை மீறிய நிரல் என அறிந்தே அதைக் கணினியில் பயன்படுத்துவோருக்குப் பிரிவு 63பி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. வணிக நோக்கம் இல்லையெனில் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய்க்கு மேற்படாத தண்டம் மட்டும் விதிக்கலாம்.

கோப்பினால் வரும் ஆபத்து

சூப்பர் மாரியோ பிரதர்சின் நிரல் 32 கிலோபைட்டும் படங்கள் 8 கிலோபைட்டும் கொண்டவை. 16 பைட்டுத் தலைப்புடன் சேர்த்து அதன் `.nes` கோப்பின் அளவு 40,976 பைட்டுகள். இதே ஆட்டம் எனப் பல மெகாபைட்டு `.exe` கோப்பு ஒன்று கிடைத்தால் அது வெறும் ரோம் அன்று. தீநிரல் கலந்திருக்கக் கூடும். ரோம் கோப்பை எமுலேட்டரே திறக்கும். அதனைத் தனியாக நிறுவ வேண்டியதில்லை.

பாதுகாப்பான வழிகள்

உரிமையாளரே இலவசமாக விடுவித்த ஆட்டங்களை ஆடுவது ஐயமற்ற வழி. ரெவல்யூசன் நிறுவனம் 2003 இல் 'பினீத் எ சுடீல் இசுக்கை' ஆட்டத்தை இவ்வாறு விடுவித்தது. அதனை ஸ்கம்விஎம் திட்டத்தின் தளத்திலேயே பெறலாம். 'டூம்' ஆட்டத்தின் மூலநிரல் 1997 இல் வெளியிடப்பட்டபோதும் அதன் படங்களும் ஒலிகளும் விடுவிக்கப்படவில்லை. அவற்றுக்குப் பதிலாகத் தன்னார்வலர்கள் உருவாக்கிய தொகுப்பு 'பிரீடூம்' ஆகும்.

பழைய பெட்டிகளுக்கெனப் புதிதாக எழுதப்படும் ஆட்டங்களும் உள்ளன. 2019 இல் வெளியான 'மைக்ரோ மேஜஸ்' அதே 40 கிலோபைட்டு வரம்புக்குள் எழுதப்பட்டது. அதன் ரோம் கோப்பை ஆக்கியோரே விற்கின்றனர். பழைய கணினி ஆட்டங்களை ஜிஓஜி போன்ற கடைகளில் உரிமத்துடன் வாங்கலாம். அவற்றுள் பல டாஸ்பாக்ஸ் எமுலேட்டரைத் தம்முடன் கொண்டே வருகின்றன.