விடை 1, கணினி சொல்வது 0

100000001, 100000002, 100000003. இந்த மூன்று எண்களின் விலக்க வர்க்கச் சராசரி என்ன? சராசரி நடுவில் இருக்கும் எண்தான். அதிலிருந்து மற்றவை விலகி நிற்பது ஒன்று ஒன்று. விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 2. இது மாதிரித் தரவு என்று வைத்துக்கொண்டால், எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து 2-ஆல் வகுக்க வேண்டும். விடை 1. பத்தாம் வகுப்பு மாணவர் மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். அதே பாடப்புத்தகத்தில் உள்ள இன்னொரு சூத்திரத்தில் கணினியைப் போடச் சொன்னால், 0 என்று சொல்லும்.

அந்தச் சூத்திரம் இதுதான்: எண்களைத் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டு. எண்களின் கூட்டுத்தொகையை வர்க்கமாக்கி, எண்ணிக்கையால் வகுத்து, முன்னதிலிருந்து கழி. மிச்சத்தை n−1-ஆல் வகு. இயற்கணிதப்படி இரண்டு வழியும் ஒன்றே. தாளில் போட்டால் 30000001200000014-இலிருந்து 30000001200000012 போக மிச்சம் 2, பாதி 1.

கணினிக்கு இந்த எண்கள் நீளம் அதிகம். வழக்கமாகப் பயன்படும் ‘டபுள்’ வகை மிதவைப்புள்ளி எண்ணில் 53 பிட் அளவுக்குத்தான் இலக்கங்கள் தங்கும். தசமத்தில் ஏறக்குறைய 16. அதாவது 9007199254740992 வரை எல்லா முழு எண்களுக்கும் இடம் உண்டு. அதைத் தாண்டினால் இரட்டை எண்களுக்கு மட்டும்; இன்னும் மேலே போனால் நான்கின் மடங்குகளுக்கு மட்டும். முதல் எண்ணின் வர்க்கம் 10000000200000001. கடைசியில் உள்ள அந்த 1-க்கு இடமில்லை, போய்விடுகிறது. மூன்றாவது எண்ணின் வர்க்கம் 9-இல் முடிய வேண்டும்; 8 ஆகிவிடுகிறது. கூட்டினால் 14-இல் முடிய வேண்டியது 12-இல் முடிகிறது. கழிக்கப்பட வேண்டியதும் 12-இல்தான் முடிகிறது. மிச்சம் பூஜ்ஜியம்.

பலரும் கழித்தலைத்தான் குற்றம் சொல்வார்கள். உண்மையில் இங்கே கழித்தல் துளியும் பிசகவில்லை. பிழை வர்க்கமாக்கியபோதே நுழைந்துவிட்டது. பதினேழு இலக்க எண்ணின் கடைசியில் அது யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. இரண்டு எண்களுக்கும் பொதுவான முன் இலக்கங்களைக் கழித்தல் துடைத்தெடுத்ததும் பிழை மட்டும் மிஞ்சியது. இதைத்தான் ‘கேட்டஸ்ட்ராஃபிக் கேன்சலேஷன்’ என்கிறார்கள்.

பூஜ்ஜியம் வந்தாலாவது ஏதோ இடிக்கிறது என்று தோன்றும். 1000000005, 1000000010, 1000000015 ஆகியவற்றை இதே சூத்திரத்தில் டபுளாகப் போட்டால் −256 வருகிறது. சரியான விடை 25. வர்க்கங்களின் சராசரி எதிர்மறையாக இருக்கவே முடியாது. இதன் வர்க்கமூலத்தை எடுத்துத் திட்ட விலக்கம் காணப் போனால், பல மொழிகளில் திரையில் `nan` என்று வந்து நிற்கும். ஆனால் இப்படி அபத்தமாக வராமல், நம்பத் தகுந்ததுபோல் ஒரு தவறான எண் வருவதுதான் மோசம்.

இத்தனை பெரிய எண்களோடு யாருக்கு வேலை என்று கேட்கலாம். கணினிகள் நேரத்தை 1970 தொடக்கத்திலிருந்து விநாடிகளாக எண்ணுகின்றன. இன்று அந்த எண் 170 கோடியைத் தாண்டிவிட்டது. சில விநாடி இடைவெளியில் நடந்தவற்றின் பரவலை அந்த எண்களிலிருந்து கணக்கிட்டால் இதே குழிதான். சராசரி, திட்ட விலக்கத்தைப் போல எத்தனை மடங்கு என்று பாருங்கள். ஆயிரம் மடங்கு என்றால் ஏறக்குறைய ஆறு இலக்கம் போகும். பத்துக் கோடி மடங்கு என்றால் பதினாறும் போகும். வர்க்கமாக்குவதால் இழப்பும் இரட்டிப்பாகிறது.

சராசரியை முதலில் கண்டுபிடித்து, பிறகு விலகல்களை எடுக்கும் பழைய வழியில் இந்தத் தொல்லை இல்லை. தரவை இரண்டு முறை படிக்க வேண்டும், அவ்வளவுதான். நினைவகம் அரிதாக இருந்த காலத்தில் அதுவே பெரிய செலவு. எக்செல் மென்பொருளின் `STDEV`, `VAR` இரண்டும் 2003 பதிப்பில்தான் இந்த வழிக்கு மாறின.

ஒரே முறை படித்தே சரியான விடை காணும் வழியை 1962-இல் பி. பி. வெல்ஃபோர்ட் வெளியிட்டார்:

```
for x in data:
    n += 1
    d = x - mean
    mean += d / n
    S += d * (x - mean)
```

`n`, `mean`, `S` மூன்றும் பூஜ்ஜியத்தில் தொடங்கும். நம் முதல் மூன்று எண்களைக் கொடுத்துப் பாருங்கள். முதல் எண்ணுக்குப் பின் சராசரி 100000001, `S` 0. இரண்டாவதில் `d` 1. சராசரி அரை கூடுகிறது, `S` 0.5. மூன்றாவதில் `d` 1.5, சராசரி 100000002, `S` 2. அதை 2-ஆல் வகுத்தால் 1. பெரிய எண் எதுவும் இங்கே வர்க்கமாகவில்லை; முதல் எண்ணுக்குப் பின் பெருக்கப்படுபவை சின்னஞ்சிறு விலகல்கள் மட்டுமே.

தரவே கெட்டுப்போய் வந்தால் இதுவும் உதவாது. 32 பிட் மிதவைப்புள்ளி எண்களாகச் சேமித்தால் நம் மூன்று எண்களும் 100000000 ஆகிவிடும்; அங்கே உண்மையான பரவல் கணக்கு தொடங்கும் முன்பே தொலைந்துவிட்டது.

நீங்கள் பயன்படுத்தும் நிரல் எந்த வழியில் போகிறது என்று தெரிய வேண்டுமா? தரவின் எல்லா எண்களோடும் பத்துக் கோடியைக் கூட்டி மறுபடி ஓட்டிப் பாருங்கள். விலக்க வர்க்கச் சராசரி கண்கூடாக மாறினால் அந்த நிரலை நம்பாதீர்கள்.