பணம் போச்சா, இருக்கா?

மின்கட்டணம் கட்ட இன்று கடைசி நாள். தொகை 1,840 ரூபாய். ஒருவர் ஆப்பைத் திறந்து, யுபிஐ பின் நம்பரை அடித்துவிட்டு, திரையில் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். திரை மாறுகிறது. கண்ணீர் விடும் ரோபோ பொம்மை ஒன்று. கீழே, "அச்சச்சோ! ஏதோ தவறு நடந்துவிட்டது." அதற்கும் கீழே ஒரே ஒரு பட்டன், "மீண்டும் முயல்க." அதே நேரத்தில் வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வருகிறது: கணக்கில் 1,840 ரூபாய் கழிக்கப்பட்டது.

இது எந்த ஒரு நிறுவனத்தின் திரையும் அல்ல. பல ஆப்களில் இருக்கும் குறைகளை ஒன்றாகச் சேர்த்து எழுதிய மாதிரி. ஆப்பில் ஏதாவது தடங்கல் வரும்போதோ, காட்டுவதற்கு எதுவும் இல்லாதபோதோ வரும் இப்படிப்பட்ட பக்கங்களைத் தேறுமா தேறாதா என்று பார்ப்பதும் ஆப் வடிவமைப்பில் ஒரு வேலை. பார்க்கிறவர்களில் பலர் படத்தில்தான் தொடங்குவார்கள், கண்ணில் முதலில் படுவது அதுதானே. நான் பட்டனில் தொடங்கச் சொல்வேன்.

காரணம் இருக்கிறது. யுபிஐயில் பணம் செலுத்தும்போது முடிவு இரண்டு வகை அல்ல, மூன்று வகை. பணம் போய்ச் சேர்ந்திருக்கலாம். போகாமலே நின்றிருக்கலாம். மூன்றாவது வகையில், நம் வங்கி கழித்திருக்கும், எதிர்த்தரப்பிலிருந்து உறுதி வந்திருக்காது. இந்த மூன்றாவதில் "மீண்டும் முயல்க" என்று பட்டன் வைத்தால் என்ன ஆகும்? பதற்றத்தில் இருப்பவர் அதைத்தான் அழுத்துவார். இன்னொரு 1,840 கழியும். முதல் தொகையும் சற்று நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டால், ஒரே பில்லுக்கு இரண்டு முறை கட்டியதாகிவிடும். பக்கத்தில் எழுத்துப் பிழையே இல்லை, படமும் அழகு, ஆனால் அது ஆளைத் தவறான இடத்துக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறது. இதற்குப் பிறகு அந்தப் பக்கத்தின் மற்ற சிறப்புகளைப் பற்றிப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

ஆகவே முதல் சோதனை: பட்டனை அழுத்தி, அது எங்கே போகிறது என்று பார்ப்பது. பணம் நடுவழியில் நிற்கும் நிலையில் அங்கே இருக்க வேண்டியது "நிலவரம் பார்க்க" என்ற பட்டன். கூடவே மூன்று செய்திகள். பணம் இப்போது எங்கே இருக்கிறது, எப்போது முடிவு தெரியும், தெரியாவிட்டால் யாரிடம் எந்த எண்ணைச் சொல்லிக் கேட்பது. இரண்டாவதற்கு வடிவமைப்பாளர் தன் கற்பனையைத் தேட வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையிலேயே கெடு இருக்கிறது. யுபிஐ வழியாக வணிகருக்குச் செலுத்திய தொகை கணக்கில் கழிந்து, அங்கே உறுதியாகாமல் போனால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. மூன்றாவதற்கு யுபிஐயின் 12 இலக்கக் குறிப்பு எண் போதும். அதைப் படத்துக்குள் வரைந்து வைக்காமல் தொட்டால் நகலாகிற எழுத்தாக வைக்க வேண்டும். பன்னிரண்டு இலக்கத்தைப் பார்த்துப் பார்த்து இன்னொரு திரையில் அடிக்கச் சொல்வது தண்டனை.

இனி தொனி. அதைச் சோதிக்க எளிய வழி, திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிப்பது. மின்வாரிய கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் ஊழியர், பணம் காணாமல் நிற்பவரின் முகத்தைப் பார்த்து "அச்சச்சோ!" என்று சிரித்தால் எப்படி இருக்கும்? "உங்கள் கோரிக்கை செயலாக்கப்படவில்லை" என்று வாசித்தாலும் அதே எரிச்சல்தான், இது விறைப்பு, அது விளையாட்டு. நம் மாதிரிப் பக்கத்தை நான் இப்படி மாற்றுவேன்:

"கணக்கில் 1,840 ரூபாய் கழிந்திருக்கலாம். மின்வாரியத்திடமிருந்து இன்னும் உறுதி வரவில்லை. இப்போது மறுபடி கட்ட வேண்டாம். முடிவு தெரிந்ததும் எஸ்எம்எஸ் அனுப்புகிறோம். தொகை சேரவில்லை என்றால் 5 நாளுக்குள் உங்கள் கணக்குக்கே திரும்பும்."

இதில் நகைச்சுவை இல்லை, மன்னிப்பும் இல்லை. "கழிந்திருக்கலாம்" என்ற சொல்லில்தான் கவனம். ஆப்புக்கே நிச்சயமாகத் தெரியாத ஒன்றை "கழியவில்லை" என்று அடித்துச் சொன்னால், அடுத்த நொடி வரும் எஸ்எம்எஸ் அதைப் பொய்யாக்கிவிடும். அப்புறம் அந்தப் பக்கம் சொல்லும் வேறெதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

படத்துக்கு வருவோம். கூகுள் குரோமில் இணையம் துண்டித்தால் வரும் டைனோசரைப் பலர் அறிவார்கள். 2014இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அது அங்கே ஏன் பொருந்துகிறது? யாரும் எதையும் இழக்கவில்லை, இணையம் திரும்பும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வேலையும் இல்லை. அந்தக் காத்திருப்பை விளையாட்டாக்கிவிட்டார்கள். படத்தின் கீழே மோடம், ரவுட்டர், ஒயர் இவற்றைப் பாருங்கள் என்ற உருப்படியான குறிப்பும் உண்டு, மறந்துவிடக் கூடாது.

ட்விட்டரின் திமிங்கிலம் வேறு கதை. ஆரம்ப ஆண்டுகளில் தளம் தாங்காமல் விழும்போதெல்லாம், குட்டிப் பறவைகள் ஒரு பெரிய திமிங்கிலத்தைத் தூக்கிப் பறக்கும் படம் வரும். யியிங் லூ வரைந்தது. வேறு காரியத்துக்காக வரைந்த படம் அது. ஜனங்களுக்கு அது அவ்வளவு பிடித்துப்போயிற்று, ரசிகர் கூட்டமே சேர்ந்தது. ஆனால் அடிக்கடி வந்ததால் திமிங்கிலம் என்றாலே ட்விட்டர் விழுந்துவிட்டது என்றாகிவிட்டது. 2013இல் அதைக் கைவிட்டார்கள். முதல் முறை சிரிக்க வைக்கும் படம், பத்தாவது முறையும் வரும் என்பதை யோசித்துத்தான் மதிப்பெண் போட வேண்டும்.

நம் அழும் ரோபோவுக்கு நான் போடும் மதிப்பெண் பூஜ்யம். பணம் கழிந்தவருக்கு முன்னால் பொம்மை அழுவதில் அர்த்தமில்லை. சிறிய போனில், எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கும் ஒரு பெரியவரின் திரையில், அது பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டு பட்டனைக் கீழே தள்ளிவிடும். அவர் உருட்டிப் பார்க்காவிட்டால் பட்டன் இருப்பதே தெரியாது. படத்தைக் கையால் மறைத்துப் பாருங்கள். சொல்ல வேண்டியது ஒன்றும் குறையவில்லையென்றால் அது வெறும் அலங்காரம். அலங்காரம் என்றால் பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் அதைத் தாண்டிப் போகும்படி மாற்று உரையை வெறுமையாக விட வேண்டும். இல்லாவிட்டால் சில வேளை கோப்பின் பெயரைக்கூட அது வாசித்துத் தொலைக்கும்.

அதே ரோபோவை, சிரித்த முகத்தோடு, அதே ஆப்பில் வேறொரு இடத்தில் வைக்கலாம். புதிதாகச் சேர்ந்தவர் "பழைய ரசீதுகள்" பகுதியைத் திறக்கிறார், ஒன்றும் இல்லை. அங்கே "இன்னும் ரசீது எதுவும் இல்லை. முதல் பில் கட்டியதும் இங்கே வந்து சேரும்" என்ற வரியும், "பில் கட்ட" என்ற பட்டனும், ஓரமாக ஒரு பொம்மையும் இருக்கலாம். யாரும் பதறவில்லை. ஆனால் போன மாத ரசீதைத் தேடி வந்தவருக்கு, ரசீதுகளை ஆப்பால் எடுத்துவர முடியாததால் அதே பக்கம் வந்தால் அது பொய். "ரசீது இல்லை" என்பதும் "ரசீதைக் கொண்டுவர முடியவில்லை" என்பதும் வேறு வேறு. போனை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டு அந்தப் பகுதியைத் திறந்தால் ஆப் எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

"ஏதோ தவறு" என்ற வாசகத்துக்கு எழுதுகிறவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. பல நேரம் பின்னாலிருக்கும் சர்வர், தொகை போதாமை, பின் நம்பர் தவறு, வங்கி பதில் தராதது எல்லாவற்றையும் ஒரே பிழையாகச் சுருட்டித்தான் திரைக்கு அனுப்புகிறது. அந்த நிலையில் எவ்வளவு நல்ல எழுத்தாளரும் மழுப்பத்தான் வேண்டும். அதனால் மதிப்பீடு செய்பவர் பொறியாளரிடம் போய், எந்தெந்தக் கோளாறுகளெல்லாம் இந்த ஒரு பக்கத்துக்கு வருகின்றன என்று பட்டியல் வாங்க வேண்டும். பணம் நடுவழியில் நிற்கும் நிலையை அதிலிருந்து முதலில் பிரித்துத் தரச் சொல்லிவிட்டு, அப்புறம் உட்கார்ந்து வாக்கியத்தைத் திருத்தலாம்.