கத்துகிறவருக்கு முன்னால் பார்க்க வேண்டியவர்

இரவு 11 மணிக்கு நெடுஞ்சாலையில் நின்றிருந்த லாரியின் பின்புறம் ஒரு வேன் மோதிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேருக்கு அடி. முதலில் வந்து சேரும் 108 ஆம்புலன்ஸில் இருப்பவர்கள் இரண்டே பேர்: ஒரு மருத்துவ டெக்னீஷியன், ஒரு டிரைவர். கை ஒடிந்த பெண் ஒருவர் அலறிக்கொண்டிருக்கிறார். கூடியிருப்பவர்கள் எல்லோரும் அவரைத்தான் காட்டுகிறார்கள்.

பயிற்சி பெற்ற டெக்னீஷியன் அவரிடம் போகமாட்டார். நின்ற இடத்திலிருந்தே உரக்கச் சொல்வார்: “நடக்க முடிஞ்சவங்க எல்லாம் எழுந்து இந்த ஓரமா வாங்க!” அந்தப் பெண் எழுந்து வருகிறார். நெற்றியில் சிராய்ப்போடு ஒரு இளைஞரும் வருகிறார். இருவருக்கும் பச்சை அட்டை. அலறுகிறவருக்கு மூச்சு ஓடுகிறது, நடக்கிறவருக்கு மூளைக்கும் காலுக்கும் இரத்தம் போகிறது. அவர்கள் சற்றுக் காத்திருக்கலாம்.

இப்படித் தரம் பிரிப்பதை மருத்துவமனைகளில் ‘ட்ரையாஜ்’ என்பார்கள். நான் சொல்லும் முறைக்கு ‘ஸ்டார்ட்’ என்று பெயர். 1983-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், நியூபோர்ட் பீச் தீயணைப்புத் துறையும் ஹோக் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கியது. ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்குமேல் செலவழிக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. மூச்சு, நாடி, நினைவு இந்த மூன்றை மட்டும் அதே வரிசையில் பார்க்க வேண்டும்.

சாலையில் இன்னும் மூன்று பேர் கிடக்கிறார்கள். முதலாமவருக்கு மூச்சு இல்லை. தாடையை முன்னால் தள்ளி மூச்சுப் பாதையைத் திறந்தும் வரவில்லை. அவருக்குக் கறுப்பு அட்டை. இந்த வேலையிலேயே கடினமான முடிவு இதுதான். அடிபட்டவர் அவர் ஒருவர் மட்டும் என்றால், அங்கேயே நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயல்வார்கள். கைகள் குறைவாக இருக்கும்போது அந்த முயற்சியில் இறங்கினால், பிழைக்கக்கூடிய மற்ற இருவர் கைவிடப்படுவார்கள். அதனால்தான் அவரைத் தாண்டிப் போகிறார்கள். அது இரக்கமின்மை ஆகாது.

இரண்டாமவர் முதியவர். தொடை எலும்பு முறிந்து, வீங்கியிருக்கிறது. நிமிடத்துக்கு 34 முறை மூச்சு வாங்குகிறார். 30-ஐத் தாண்டினாலே சிவப்பு. மணிக்கட்டு நாடியும் தட்டுப்படவில்லை. தோல் கிழியாத தொடைக்குள்ளேயே ஒரு லிட்டருக்குமேல் இரத்தம் தேங்க இடம் உண்டு என்பதால், வெளியே ஒரு சொட்டு இரத்தம் தெரியாததை வைத்து ஏமாறக் கூடாது.

மூன்றாமவர் குறட்டை விட்டபடி கிடக்கிறார். “குடிச்சிருக்காருங்க, தூங்குறாரு” என்கிறார் பக்கத்தில் நிற்பவர். வாடையும் வருகிறது. ஆனால் விபத்துக்குப் பிறகு வரும் குறட்டை தூக்கமாக இருக்க வாய்ப்பில்லை. தளர்ந்துபோன நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்கும் ஓசை அது. கழுத்தைத் திருப்பாமல் தாடையை முன்னுக்குத் தள்ளியதும் குறட்டை நின்று மூச்சு சீராகிறது. “என் விரலைப் பிடிங்க” என்றால் பிடிக்கவில்லை. இவருக்கும் சிவப்பு. மூச்சடைப்பு சில நிமிடங்களில் கொல்லும். ஆகவே முதல் கவனிப்பு இவருக்கு, அடுத்த கணமே முதியவருக்கு.

சாலையில் நினைவைப் பற்றிக் கேட்கப்படுவது ஒரே கேள்வி: சொன்னதைச் செய்கிறாரா, இல்லையா? ஆம்புலன்ஸுக்குள் ஏற்றிய பிறகு அது போதாது. எவ்வளவு நினைவு இருக்கிறது என்று அளந்தாக வேண்டும். அதற்கு முன்பெல்லாம் ‘அரை மயக்கம்’, ‘ஆழ்ந்த மயக்கம்’ என்று ஆளுக்கொரு விதமாக எழுதிவந்தார்கள். ஒரு டாக்டரின் அரை மயக்கம் இன்னொருவருக்கு முழு மயக்கமாக இருந்தது. 1974-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து நரம்பியல் அறுவை மருத்துவர்கள் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார்கள். அதுதான் ஜி.சி.எஸ். எனப்படும் கிளாஸ்கோ கோமா அளவுகோல்.

கண் திறப்பதற்கு 4 வரை, பேச்சுக்கு 5 வரை, கை கால் அசைவுக்கு 6 வரை மதிப்பெண். நல்ல நினைவோடு இருப்பவருக்கு 15. எதற்குமே அசையாதவருக்கும் 3 உண்டு, பூஜ்யம் கிடையாது. குறட்டை விட்டவருக்கு இப்போது மதிப்பெண் போட்டுப் பார்ப்போம். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. கழுத்துக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தசையை அழுத்திக் கிள்ளியதும் திறக்கிறார். அதற்கு 2. முனகல் மட்டும் வருகிறது, சொல் எதுவும் இல்லை. அதற்கும் 2. கிள்ளிய இடத்தைத் தேடி அவருடைய கை கழுத்தெலும்புக்கு மேலே வந்து தட்டிவிடப் பார்க்கிறது. அதற்கு 5. மொத்தம் 9. எட்டோ அதற்குக் கீழோ போனால் தன் மூச்சுப் பாதையைத் தானே காத்துக்கொள்ள முடியாது என்று கருதி, தொண்டையில் குழாய் செருகத் தயாராவார்கள்.

இந்த 9-ஐ மட்டும் சொன்னால் போதாது என்பது என் கருத்து. மூன்று எண்களையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். வலிக்கும் இடத்துக்குக் கை தேடிப் போகிறது என்றால் மூளையின் மேல்பகுதி இன்னும் வேலை செய்கிறது. அதே கை உள்பக்கமாக முறுக்கி விறைத்து நீண்டால் அதற்கு 2 மதிப்பெண்தான். மூளைத்தண்டு வரை ஆபத்து இறங்கிவிட்டது என்று பொருள். மூன்றில் அதிகம் சொல்வது அசைவுதான். மது குடித்திருந்தாலும் மதிப்பெண் குறையும் என்பது உண்மை. ஆனால் தலையில் அடிபட்டவருக்குக் குறைந்த மதிப்பெண் வந்தால், சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கும்வரை அதை மதுவின் கணக்கில் எழுதக் கூடாது. ‘போதை தெளியட்டும்’ என்று ஓரமாகப் படுக்கவைக்கப்பட்டவர் விடியும்போது உயிரோடு இல்லாமல் போவது அவசரப் பிரிவுகளுக்குத் தெரிந்த துயரம்.

பச்சை அட்டை வாங்கிய இளைஞரை யாரும் கவனிக்கவில்லை. மோதியபோது ஒரு நிமிடம் நினைவில்லாமல் இருந்து பிறகு எழுந்தவர் அவர். மருத்துவமனைக்கு வந்ததும் பெயர், ஊர், கிழமை எல்லாம் சரியாகச் சொன்னார்: 15. அரை மணி கழித்துத் தலைவலி, ஒரு வாந்தி. எங்கே இருக்கிறோம் என்பதில் குழப்பம்: 14. அடுத்த அரை மணியில் கூப்பிட்டால்தான் கண் திறக்கிறார், சம்பந்தமில்லாத சொற்களாகப் பேசுகிறார், சொன்னதைச் செய்யவில்லை, கிள்ளினால் தட்டிவிடுகிறார்: 3, 3, 5, மொத்தம் 11. ஒரு கண்ணின் பாவை விரிகிறது. காதுக்கு மேலே மண்டையோட்டின் உள்புறம் ஓடும் தமனி கிழிந்து, எலும்புக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே இரத்தம் சேர்ந்துகொண்டிருக்கிறது. இடையில் தெளிவாக இருந்த நேரம், அந்த இரத்தக்கட்டி வளர எடுத்துக்கொண்ட நேரம். உடனே ஸ்கேன் எடுத்து, மண்டையோட்டைத் திறந்து கட்டியை அகற்றினால் பெரும்பாலும் முழுமையாகத் தேறிவிடக்கூடியவர். இரவு முழுவதும் யாரும் எழுப்பிப் பார்க்காமல் விட்டால் தேறமாட்டார். ஒன்பதிலேயே நிற்பவரைவிட, பதினைந்திலிருந்து பதினொன்றுக்கு இறங்குகிறவர் அப்போது அவசரம். அதனால்தான் தலைக்காயத்துக்கு முதல் சில மணி நேரம் அரை மணிக்கொரு தடவை மதிப்பெண் போடுகிறார்கள். பச்சை அட்டை சிவப்பாக மாறவும் செய்யும்.

அளவுகோல் தடுமாறும் இடங்களும் உண்டு. இமை வீங்கி மூடியிருந்தால் கண்ணுக்கு மதிப்பெண் போட முடியாது. குழாய் செருகியவர் பேச முடியாது. அங்கே 1 என்று எழுதாமல், சோதிக்க முடியவில்லை என்றே குறிக்க வேண்டும். வடமாநிலத் தொழிலாளி ஒருவரிடம் தமிழில் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வராததை மூளைக்குழப்பம் என்று எழுதிவிடும் ஆபத்து நம்மூரில் நிஜமானது. அவருடைய மொழி தெரிந்த ஒருவரை, அது உடன் வேலை செய்பவராக இருந்தாலும், அழைத்துக் கேட்க வைக்க வேண்டும்.

உடன் வந்தவரிடம் டாக்டர் முதலில் கேட்பதும் இதைத்தான்: அடிபட்டதும் பேசினாரா? எப்போது பேச்சு நின்றது? வாந்தி எடுத்தாரா? இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா? “அப்ப நல்லாப் பேசினாருங்க, இப்பதான் இப்படி” என்று ஒருவர் சொன்னால், ஸ்கேன் அறைக்குப் போகும் வரிசையில் அந்த நோயாளி முன்னால் வருவார்.