வழக்குரைஞர் இல்லாத வழக்கு

குற்றஞ்சாட்டப்பட்ட ஏழைக்கு வழக்குரைஞர் துணை எத்துணை இன்றியமையாதது என்பதை, ஒரே மனிதர் மீது ஒரே குற்றச்சாட்டின்பேரில் இருமுறை நடந்த விசாரணை நமக்குத் தெளிவாக்குகிறது.

1961ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒரு பில்லியர்ட்ஸ் விடுதியை உடைத்து நுழைந்ததாக கிளாரன்ஸ் கிடியன் என்பார் மீது வழக்குத் தொடரப்பட்டது. தமக்கு வழக்குரைஞரை அமர்த்தித் தருமாறு அவர் வேண்டினார். மரண தண்டனைக்குரிய வழக்குகளுக்கு மட்டுமே அவ்வுதவி உண்டு என்று நீதிபதி மறுத்துவிட்டார். தமக்குத் தாமே வாதாடிய கிடியனுக்கு ஐந்தாண்டுச் சிறை கிடைத்தது. சிறையிலிருந்தவாறே அவர் பென்சிலால் எழுதியனுப்பிய மனுவை ஏற்ற அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1963 மார்ச்சில் அத்தண்டனையை நீக்கி, இத்தகைய வழக்குகளில் ஏழைக்கு வழக்குரைஞரை அளிப்பது அரசின் கடமை எனத் தீர்ப்பளித்தது.

அவ்வாண்டு ஆகஸ்டில் மறு விசாரணை நடந்தது. இம்முறை அவருக்காக வாதாடிய வழக்குரைஞர் முதன்மைச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தார். இரவெல்லாம் வெளியூரில் நடனத்திற்குச் சென்று திரும்பியவர், வீட்டிற்குச் செல்லாமல் விடியற்காலையில் விடுதிமுன் நின்றது ஏன் என்று வினவினார். அச்சாட்சியே திருட்டில் பங்குகொண்டிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. தம்மைப் பார்த்ததாகச் சொல்ல வேண்டாமென்று கிடியன் கேட்டுக்கொண்டதாக டாக்சி ஓட்டுநர் சாட்சியளித்தார். முன்பும் அவ்வாறு சொன்னதுண்டா என வழக்குரைஞர் கேட்டபோது, உண்டென்றும், அது மனைவியுடனான பூசலால் என்றும் விடை வந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஜூரர்கள் அவரைக் குற்றமற்றவர் என்றனர். மாறியது குற்றச்சாட்டு அன்று. சாட்சியத்தைத் துருவி ஆராயத் தெரிந்த ஒருவர் உடனிருந்ததே.

நம் நாட்டில் 1976இல் அரசியல் சாசனத்தில் சேர்க்கப்பட்ட 39-அ பிரிவு இலவச சட்ட உதவியைக் கூறுகிறது. ஆயினும், தமக்கு உரிமை உண்டென்பதை அறியாதவர் அதனை எங்ஙனம் கேட்பார்? இவ்வினாவே சுக் தாஸ் வழக்கில் எழுந்தது. அருணாசலப் பிரதேசத்தில் வழக்குரைஞரின்றி விசாரிக்கப்பட்ட அவர், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய இயலாமல் இரண்டாண்டுத் தண்டனை பெற்றார். அவர் உதவி கோரி மனுச் செய்யவில்லையே என்றது உயர் நீதிமன்றம். கேளாமையால் உரிமை அழியாது. உதவி உண்டென்பதை நீதிமன்றமே அறிவித்திருத்தல் வேண்டும் என்று கூறி, 1986இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கியது.

1980இல் காத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியவாறு, கைதானவர் முதன்முறை நீதித்துறை நடுவர்முன் நிறுத்தப்படும்போதே இவ்வுரிமை தொடங்குகிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, காவலில் உள்ள எவரும் வருமான வரம்பின்றி உதவி பெறலாம். ஆகவே, உறவினர் ஒருவர் கைதாகித் தவிக்கும் குடும்பம் நம்மை நாடினால், விசாரணை தொடங்கும் வரை காத்திராமல், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிற்கு அன்றே விண்ணப்பம் எழுதித் தருவோமாக. காலந்தாழ்ந்து வரும் வழக்குரைஞர், கேளாது விட்ட கேள்விகளை மீண்டும் கேட்பது எளிதன்று.